எல்லாருக்கும் 120/80: பி.பி. பார்க்கும் தேர்வை எப்படி அமைப்பது?

நர்சிங் மாணவிகளுக்கு நாங்கள் நடத்திய செய்முறைத் தேர்வின் தாள்களை ஒரு வருடம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். பி.பி. பார்க்கும் பகுதியில் தாளுக்குத் தாள் 120/80, 118/80, 120/78 என்றே இருந்தது. தேர்வுக்குக் கை நீட்டி உட்கார்ந்தது இருபது வயதுப் பெண், கீழ் வகுப்பு மாணவி. அவளுடைய பி.பி. உண்மையிலேயே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே எல்லாத் தாளும் சரி, எல்லாருக்கும் முழு மதிப்பெண். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே ஒருத்தி 120/80 என்று எழுதியிருந்தாலும் அவளுக்கும் முழு மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். அந்தத் தேர்வு எதையும் சோதிக்கவில்லை.

அதற்கப்புறம் கும்பகோணம் பக்கத்தில் உள்ள இன்னொரு கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து அந்த ஒரு ஸ்டேஷனை மட்டும் புதிதாக அமைத்தோம். எப்படி அமைத்தோம், எங்கே தடுக்கியது, மதிப்பெண்ணை ஏன் அப்படிப் பிரித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டேஷன் என்ற சொல் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வரி. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய தேர்வு முறை இது. நாம் ஆஸ்கி என்கிறோம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறு வேலை இருக்கும். மணி அடித்ததும் மாணவி அடுத்த மேசைக்கு நகர்வாள். ஒரு மேசையில் எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள். யார் தேர்வாளர் என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஏறி இறங்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

பி.பி. ஸ்டேஷனில் உள்ள முதல் சிக்கல், சரியான விடை எது என்பதே. காய்ச்சல் அளக்கும் தேர்வில் தேர்வாளரும் தெர்மாமீட்டரைப் பார்க்கலாம். பி.பி.யில் மாணவியின் காதுக்குள் கேட்ட சத்தம் அவளுக்கு மட்டுமே தெரியும். உயிருள்ள ஆளை உட்கார வைத்தால் இரண்டு தொல்லைகள். அந்த ஆளின் பி.பி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பசி எடுத்தபின் ஒன்று. அதோடு நாற்பது மாணவிகள் ஆளுக்கு இரண்டு தடவை காற்றடித்தால் கை எண்பது தடவை இறுக்கப்படும். ரத்தம் தேங்கி, கை வலித்து, அளவே மாறிப்போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரட்டைக் காதுக்குழாய் உள்ள பயிற்சி ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. தேர்வாளரும் கூடவே கேட்கலாம், விடை யாருடையது சரி என்று அப்போதே தெரியும். பத்துப் பதினைந்து மாணவிகள்தான் என்றால் அதுவே போதும். இரண்டு மூன்று ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைத்து, கையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை அதற்கு மேல் போனால் பயிற்சிக் கைதான் வழி. ரப்பரால் ஆன கை, உள்ளே ஒலிபெருக்கி. மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் பெட்டியில் திருகி வைக்கலாம். கொஞ்சம் நல்ல கையாக இருந்தால் மணிக்கட்டில் நாடியும் தட்டும், கையைச் சுற்றிக் கட்டும் கஃப்பின் அழுத்தம் மேல் அளவைத் தாண்டியதும் நின்றுவிடும். வாங்கும்போதே இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள், பின்னால் வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது. இந்தக் கைகளில் பலவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. சத்தம் ஒரு இடத்தில் நின்று, கொஞ்சம் கீழே வந்தபின் மறுபடி தொடங்கும்படி வைக்கலாம். எங்கள் ஸ்டேஷன் முழுவதும் இந்த ஒரு வசதியைச் சுற்றித்தான் கட்டப்பட்டது.

அது என்ன என்பதற்குச் சற்று விளக்கம் வேண்டும். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன முறையைத்தான் இன்றும் செய்கிறோம். கஃப்பை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மெல்லக் காற்றை விட்டுக்கொண்டே முழங்கை மடிப்பில் கேட்க வேண்டும். ‘டக்’ என்று முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் அளவு. சத்தம் முற்றிலும் மறையும் இடம் கீழ் அளவு. ஆனால் வயதானவர்கள் சிலருக்கு, குறிப்பாக ரத்தக் குழாய் இறுகி பி.பி. கூடியவர்களுக்கு, நடுவே ஒரு மௌனம் வரும். தொடங்கிய சத்தம் நின்றுபோய், இருபது முப்பது அளவு கீழே இறங்கியபின் மறுபடியும் கேட்கும். அந்த மௌனத்துக்கு நடுவே உள்ள அளவுக்கு மட்டும் காற்றடித்துவிட்டுக் கேட்கத் தொடங்கினால், இரண்டாவது முறை தொடங்கும் சத்தத்தை முதல் சத்தம் என்று நினைத்துவிடுவோம்.

இந்தப் பொறியில் விழாமல் இருக்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால், மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டே காற்றடிக்க வேண்டும். நாடி எங்கே மறைகிறதோ அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, காற்றை முழுதாக விட்டு, அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அப்புறம் அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பால் கேட்க வேண்டும். காதை ஏமாற்றும் மௌனம் விரலை ஏமாற்றாது. எல்லாப் பாடநூலிலும் இது இருக்கிறது. வார்டில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, நான் உள்பட. அவசரம் ஒரு காரணம். தவிர்த்தாலும் பத்துக்கு ஒன்பது தடவை தப்பு வராது என்பது இன்னொரு காரணம்.

அந்தப் பத்தாவது தடவையைத்தான் தேர்வில் வைத்தோம். பயிற்சிக் கையை 168/86 என்று அமைத்தோம். 152-இல் சத்தம் நிற்கும், 128-இல் மறுபடி தொடங்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72.

இந்த எண்களை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நாடியைத் தொட்டுப் பார்க்காமல், பழக்கத்தில் கையை 150-க்கு ஏற்றுகிறவள் நேரே மௌனத்துக்குள் இறங்குகிறாள். அவளுக்கு முதலில் கேட்பது 128. தாளில் 128/86 என்று எழுதுவாள். 168-இல் சத்தத்தைப் பிடித்துவிட்டு, அது நின்றதும் வேலை முடிந்தது என்று காற்றைத் திறந்துவிடுகிறவள் 168/152 என்று எழுதுவாள். காற்றைப் படபடவென்று விடுகிறவளின் கதையைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நிமிடத்துக்கு 72 என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவே முக்கால் நொடிக்குச் சற்று மேல். நொடிக்கு 2 அல்லது 3 அளவு இறக்கினால் ஒரு துடிப்புக்கு இரண்டு இரண்டரைதான் நழுவும். நொடிக்கு 10 இறக்கினால் ஒரு துடிப்பு தவறினாலே 8 போய்விடும். மேல் அளவு 160 என்றும் கீழ் அளவு 94 என்றும் கூட வரலாம். எதுவும் கேட்காமல் குத்துமதிப்பாக எழுதுகிறவளின் விடை 120/80. ஆக, தாளில் உள்ள எண்ணைப் பார்த்தாலே எங்கே தவறினாள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சில பேர் கேட்டதை விட்டுவிட்டு பக்கத்தில் உள்ள பூஜ்யத்துக்கு உருட்டி 170/90 என்று எழுதுவார்கள். டயலில் இரண்டிரண்டாகத்தான் கோடு இருக்கிறது, அதன்படி எழுத வேண்டும் என்று கேள்வித் தாளிலேயே சொல்லிவிட்டோம்.

கீழ் அளவை 90-க்குள் வைத்ததும் வேண்டுமென்றேதான். 168/96 என்று வைத்திருந்தால், மௌனத்தில் விழுந்தவள் 128/96 என்று எழுதியிருப்பாள். 90-ஐத் தாண்டியதால் நோயாளி எப்படியும் டாக்டரிடம் போயிருப்பார். 128/86 என்றால் ‘நல்லா இருக்கும்மா, போய்ட்டு வாங்க’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அறுபது வயதுக்கு மேல் மேல் அளவு மட்டும் ஏறியிருப்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடியதுதான். எனவே இது செயற்கையான எண்ணும் இல்லை.

ரப்பர் கைக்கு வாய் கிடையாது. ஆகவே பக்கத்தில் ஒரு நடிப்பு நோயாளியை உட்கார வைத்து, அவர் கைக்குப் பதில் பயிற்சிக் கை இருப்பதுபோல் துணியைப் போர்த்தினோம். எங்களுக்குக் கிடைத்தவர் கல்லூரி கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. பிறவி நடிகை. அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு அரைப் பக்கம்தான். நாற்காலியில் முன்னால் சரிந்து, முதுகு சாயாமல், கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டும். மாணவி சொன்னால் சரியாக உட்கார வேண்டும், சொல்லாவிட்டால் அப்படியே இருக்க வேண்டும். ‘காபி, டீ ஏதாவது குடிச்சீங்களா?’ என்றோ ‘வெத்தலை, புகையிலை போட்டீங்களா?’ என்றோ கேட்டால் மட்டும், “பஸ் ஸ்டாண்டுல ஒரு காபி குடிச்சேன் கண்ணு, கால் மணி நேரம் இருக்கும்” என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாயே திறக்கக் கூடாது. கஃப்பில் இரண்டாவது தடவை காற்று ஏறத் தொடங்கியதும், “மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்களாமே, நெசமா?” என்று பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அளக்கும்போது பேசினால் பி.பி. ஏறும். மாணவி பதில் சொல்லிக்கொண்டே அளக்கிறாளா, “ரெண்டு நிமிஷம் பேசாம இருங்கம்மா, சத்தம் கேக்கணும்” என்கிறாளா என்று பார்ப்பதற்காக அந்த வரி.

காபிக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. தேர்வில் யாரும் அரை மணி நேரம் உட்கார முடியாது. அதனால் கேட்பதற்கு ஒரு மதிப்பெண், அளவுக்குப் பக்கத்தில் ‘காபி குடித்து 15 நிமிடம்’ என்று குறித்து வைப்பதற்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தோம். அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும் என்ற விதியிலும் இதே சிக்கல். முதல் தடவை நாங்கள் இதைக் கேள்வித் தாளில் சொல்லாமல் விட்டுவிட்டோம். நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி நோயாளியை உட்கார வைத்துவிட்டு நிஜமாகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். தப்பு அவளுடையது இல்லை. இப்போது கேள்வித் தாளின் முதல் வரியே ‘இந்த அம்மா ஐந்து நிமிடமாக இங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்’ என்பதுதான்.

ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வணக்கம் சொல்லி, விளக்கி, கேள்வி கேட்க ஒரு நிமிடம். உட்காரும் நிலையைச் சரி செய்து கஃப்பைச் சுற்ற ஒரு நிமிடம். நாடி பார்த்துக் காற்றடிக்க அரை நிமிடம், பொறுக்க அரை நிமிடம். 198-க்கு ஏற்றி நொடிக்கு 2 வீதம் 86 வரை இறக்கினால் 56 நொடி. சொல்லவும் எழுதவும் முக்கால் நிமிடம். கூட்டினால் நாலே முக்கால் நிமிடம் ஆகிவிடுகிறது. ஐந்து நிமிட ஸ்டேஷனில் ஒழுங்காகச் செய்கிறவள்தான் மாட்டிக்கொள்வாள். அவசரக்காரி முடித்துவிட்டு நிற்பாள். ஆறு நிமிடம் கொடுத்தோம், வெளியே நின்று கேள்வியைப் படிக்கத் தனியாக ஒரு நிமிடம். நிஜத்தில் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மறுபடி அளந்து சராசரி எடுக்க வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை, ‘ஒரு முறை அளந்தால் போதும்’ என்று எழுதிவிட்டோம்.

சரியான கஃப்பைத் தேர்ந்தெடுப்பதையும் இதில் வைக்க ஆசைதான். கஃப்புக்குள் உள்ள காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். சிறியதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறும். ஆனால் எங்கள் பயிற்சிக் கை அதனோடு வந்த கஃப்பில் மட்டும்தான் வேலை செய்யும், பெரும்பாலான கைகள் அப்படித்தான். மேசையில் மூன்று கஃப் வைத்துவிட்டு, ‘எதை எடுத்தாலும் கடைசியில் இதைத்தான் கட்ட வேண்டும்’ என்று சொல்வது கேலிக்கூத்து. அதை வேறொரு ஸ்டேஷனுக்குத் தள்ளினோம். ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும் என்பதையும் ரப்பர் கையில் சோதிக்க முடியாது.

இனி மதிப்பெண். மொத்தம் 20.

அறிமுகம், விளக்கம், சம்மதம்: 1
காபி, வெற்றிலை, புகையிலை பற்றிக் கேட்டுக் குறித்தல்: 2
உட்காரும் நிலை (முதுகும் காலும் 1, கை மேசைமேல் இதய மட்டத்தில் 1, பேச்சை நிறுத்தச் சொல்வது 1): 3
கஃப் சுற்றுதல் (மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே 1, அம்புக்குறி ரத்தக் குழாய்மேல் 1): 2
நாடி பார்த்து ஏற்றுதல் (மறையும் அளவை அறிதல் 2, முழுதாக விட்டுப் பொறுத்தல் 1): 3
ஸ்டெதஸ்கோப் சரியான இடத்தில் 1, நாடி மறைந்த அளவுக்கு மேல் 30 ஏற்றுதல் 1: 2
காற்றை நொடிக்கு 2–3 வீதம் விடுதல் 1, சத்தம் நின்றபின்னும் தொடர்ந்து கேட்டல் 1: 2
எழுதிய அளவு: 4
நோயாளியிடம் சொல்வது: 1

கை மட்டத்துக்கு ஒரு மதிப்பெண் ஏன் என்று ஒரு தேர்வாளர் கேட்டார். இதய மட்டத்துக்குப் பத்து செ.மீ. கீழே கை தொங்கினால், அந்த ரத்தத் தூணின் எடையே கிட்டத்தட்ட 8 அளவைக் கூட்டிவிடும். மடியில் கை வைத்துப் பார்க்கும் பி.பி. பலருக்கு அப்படித்தான் ஏறிக் காட்டுகிறது. பயிற்சிக் கையில் இது எண்ணில் தெரியாது, ஆகவே கண்ணால் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

நாங்கள் நிஜமாகவே தடுக்கி விழுந்த இடம், எழுதிய அளவுக்கான அந்த 4 மதிப்பெண். முதலில் மேல் அளவு சரியென்றால் 2, கீழ் அளவு சரியென்றால் 2 என்று பிரித்திருந்தோம். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒத்திகையில் ஒரு மாணவியை வைத்துக் கணக்குப் பார்த்தோம். அவள் வணக்கம் சொன்னாள், 1. காபி கேட்கவில்லை, 0. உட்காரும் நிலையில் 2. கஃப்பில் 2. நாடி பார்க்கவில்லை, 0. ஸ்டெதஸ்கோப்பைச் சரியாக வைத்தாள், நேரே 150-க்கு ஏற்றினாள், 1. காற்றை அழகாக விட்டாள், 2. 128/86 என்று எழுதினாள். கீழ் அளவு சரி என்பதால் 2. “நார்மலா இருக்கும்மா” என்று அன்பாகச் சொன்னாள், 1. மொத்தம் 11. பாதிக்கு மேல், தேர்ச்சி. 168 உள்ள நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேர்ச்சி.

நாடி பார்க்காவிட்டால் ஸ்டேஷனே தோல்வி என்று வைத்துவிடலாம் என்றார் ஒருவர். அப்படிப்பட்ட ஒற்றை விதி எனக்குப் பிடிக்காது. ஒரு கட்டத்தில் டிக் போடாவிட்டால் ஒரு பெண் மொத்தமாக விழுவாள் என்று தெரிந்தால், தேர்வாளரின் கை தானாக டிக் போடும். ‘விரலை வச்ச மாதிரிதான் இருந்துச்சு’ என்பார். எண்ணை ஒரே துண்டாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். நோயாளிக்கு 128/86 என்பது இரண்டு செய்தி இல்லை, ஒரே செய்தி. ஆகவே இரண்டு எண்ணும் அமைத்த அளவிலிருந்து 4-க்குள் இருந்தால் 4 மதிப்பெண். ஏதாவது ஒன்று 4-ஐத் தாண்டி, ஆனால் இரண்டும் 8-க்குள் இருந்தால் 2. ஒன்று 8-ஐத் தாண்டினாலும் பூஜ்யம். இப்படிப் போட்டால் அதே மாணவிக்கு 9.

168/152 என்று எழுதியவளுக்கும் எண்ணில் பூஜ்யம்தான். ஆனால் அவள் மற்ற எல்லாவற்றையும் செய்து, தொடர்ந்து கேட்பதை மட்டும் விட்டவள் என்றால் 15 வாங்கிவிடுவாள். இதற்கு ஆட்சேபம் வந்தது. எனக்கு இது உறுத்தவில்லை. 168/152 என்ற எண்ணைப் பார்க்கிற யாரும் மறுபடி பார்ப்பார்கள், நோயாளி கைவிடப்பட மாட்டார். 128/86-ஐ யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள்.

கடைசி ஒரு மதிப்பெண்ணிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண் தப்பாக இருந்தாலும், தான் கண்ட எண்ணுக்கு ஏற்றபடி சரியாகச் சொன்னால் அந்த ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை வேண்டாம். 168 கண்டவள் “உங்களுக்கு பி.பி. வந்திருச்சு” என்று குண்டைத் தூக்கிப் போட்டால் கிடையாது. ஒரு தடவை பார்த்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. “இன்னைக்கு கொஞ்சம் கூட இருக்கும்மா, டாக்டர்கிட்ட சொல்றேன், மறுபடியும் பாப்போம்” என்றால் கொடுக்கலாம்.

தேர்வாளர்களுக்குக் கொடுத்த குறிப்பு ஒரு பக்கம். அதில் முதலில் சொன்னது எங்கே உட்கார வேண்டும் என்பதை. டயலின் முள் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும், மாணவியின் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காற்று விடும் வேகத்தைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. முள் 150-ஐத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, 100-ஐத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 17 முதல் 25 நொடிக்குள் இருந்தால் மதிப்பெண் உண்டு. நேரே 150-க்கு ஏற்றியவளுக்கு 140-இலிருந்து 90 வரை பாருங்கள், கணக்கு அதேதான். நாடி பார்க்கும்போது விரல் மணிக்கட்டில் இருந்தால் மட்டும் போதாது. முள் 168-ஐ ஒட்டி வந்து நாடி மறைந்ததும் நிறுத்துகிறாளா என்று பார்க்க வேண்டும். விரலைச் சும்மா வைத்துக்கொண்டு 200-க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு, படித்த சடங்கைச் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த 2 கிடையாது.

எங்களில் பாதிப் பேர் தடுமாறியது அடுத்த குறிப்பில்தான்: சொல்லிக் கொடுக்காதீர்கள். வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த வாய். மாணவி தயங்கினால் “ம்...” என்று ஒரு இழு இழுத்தாலே அது குறிப்புதான். கேள்வித் தாளை மறுபடி படிக்கச் சொல்லலாம், ஒரு நிமிடம் இருக்கும்போது “ஒரு நிமிடம்” என்று சொல்லலாம். வேறு எதுவும் பேசக் கூடாது. மாணவி அளவை வாயால் சொல்லக் கூடாது, தாளில்தான் எழுத வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்தவள் நிற்கிறாள்.

காலையில் தொடங்கும் முன் தேர்வாளரே ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். பாதரச மானிகள், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்பாட்டுக்குப் பின் விடைபெற்று வருகின்றன. டயல் மானிகளில் முள் நகர்ந்துபோவது சகஜம், காற்றில்லாதபோது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு கசிந்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது, மாணவியைக் குறை சொல்லக் கூடாது. பத்துப் பேருக்கு ஒரு முறை மறுபடியும் அளக்க வேண்டும். பேட்டரி இறங்க இறங்கச் சத்தம் மெலிந்துபோவதை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம். அறை பற்றியும் ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் தேர்வு வைத்தால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை தவில் சத்தத்தில் ஆறு பேருக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆறு பேருக்கும் பிற்பகலில் மறுபடி நடத்தினோம்.

தாளின் அடியில், டிக்குகளைக் கூட்டுவதற்கு முன் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் உண்டு. ‘இந்த மாணவியை நாளைக்கு உங்கள் வார்டில் பி.பி. பார்க்க விடுவீர்களா?’ விடமாட்டேன், சந்தேகம், விடுவேன், தாராளமாக விடுவேன் என்று நான்கு பதில். தேர்ச்சிக் கோட்டை இதிலிருந்துதான் எடுக்கிறோம். உதாரணமாக, நாற்பது பேரில் ஆறு பேருக்கு ‘சந்தேகம்’ விழுகிறது, அவர்கள் வாங்கிய மதிப்பெண் 10, 11, 12, 11, 13, 12 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 69, சராசரி 11.5. அதுதான் அன்றைய தேர்ச்சிக் கோடு. பாதி என்பதால் 10 என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதைவிட இது மேல். ஸ்டேஷன் கடினமாக அமைந்துவிட்டால் கோடும் தானாக இறங்கும். சந்தேகம் வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் இந்தச் சராசரியை நம்ப முடியாது, ஒருத்தியின் மதிப்பெண்ணே கோட்டை இழுத்துவிடும். அப்போது எல்லா மாணவிகளின் மதிப்பெண்ணையும் நான்கு பதில்களுக்கு எதிரே வரைபடத்தில் புள்ளி வைத்து, நடுவே ஒரு கோடு போட்டு, ‘சந்தேகம்’ என்ற இடத்தில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். கணினியில் இரண்டு நிமிட வேலை.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது. முதல் சுற்றில் தேர்வு முடித்த பெண்கள் வாசலில் டீ குடிக்கிறார்கள், இரண்டாவது சுற்றுப் பெண்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். ‘நடுவுல சத்தம் நிக்கும்டி, 168’ என்று ஒருத்தி சொன்னால் முடிந்தது. இப்போது மூன்று அமைப்பு வைத்திருக்கிறோம். ஒன்று 168/86, மௌனம் 152 முதல் 128 வரை. இரண்டாவது 176/84, மௌனம் 158 முதல் 130 வரை. மூன்றாவதில் மேல் அளவு 146, கீழ் அளவு 82, மௌனமே கிடையாது. ஏழெட்டுப் பேருக்கு ஒரு முறை பெட்டியைத் திருகி மாற்றி, எந்த அமைப்பு என்பதை ஒவ்வொரு தாளின் மூலையிலும் எழுதிவிடுகிறோம். மூன்றாவது கொஞ்சம் சுலபம்தான், அதனால் தேர்ச்சிக் கோட்டை அமைப்புவாரியாகவும் ஒரு தடவை சரிபார்க்கிறோம். போன முறை 146/82 வைத்திருந்தபோது ஒருத்தி 168/86 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.